கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டில் பாலிப், பயாப்சி, அடினோமா: அடுத்த பரிசோதனை எப்போது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு டியூப் விட்டுப் பார்த்தார்கள். பாலிப் இருந்தது, எடுத்துவிட்டோம் என்று அன்றே ஒரு தாள் கொடுத்தார்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று அதில் இல்லையே?

அன்று கையில் தரப்படும் தாள் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். மருத்துவர் கண்ணால் பார்த்ததும் கையால் செய்ததும் அதில் இருக்கும்: பாலிப் எங்கே இருந்தது, எத்தனை இருந்தன, எவ்வளவு பெரியவை, எப்படி எடுக்கப்பட்டன. எடுத்த சதை எந்த வகை என்பதை நோய்க்கூறியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பயாப்சி ரிப்போர்ட் வரச் சில நாட்கள், சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேலும், ஆகும். அடுத்த பரிசோதனைக்கான இடைவெளி இந்த இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துத்தான் முடிவாகிறது. ஆகவே முதல் தாளில் தேதி இல்லாதது குறையல்ல. அந்த நேரத்தில் அதை எழுதியிருக்கவே முடியாது.

வருத்தத்தோடு சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் முதல் தாளைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கவே போயிருக்க மாட்டார்கள். ‘எடுத்துவிட்டோம்’ என்று மருத்துவர் சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பயாப்சி எண் எழுதிய சீட்டை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; ரிப்போர்ட்டை வாங்கியதும் அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டித் தேதியை எழுதி வாங்குங்கள்.

பாலிப் என்றால் கட்டியா? கேன்சர்தானா?

பாலிப் என்பது குடலின் உள்சுவரிலிருந்து எழும்பி நிற்கும் சதை வளர்ச்சி. அந்தச் சொல் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது, நோயைக் குறிப்பதில்லை. காம்போடு தொங்கினால் ‘பெடங்குலேட்டட்’ என்றும், காம்பில்லாமல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தால் ‘செசைல்’ என்றும் எழுதுவார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்குப் பல விடைகள் இருக்கலாம். மலக்குடலிலும் அதற்கு மேலுள்ள சிக்மாய்டு பகுதியிலும் காணப்படும் சிறிய ‘ஹைப்பர்பிளாஸ்டிக்’ பாலிப்புகள் பெரும்பாலும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. ‘அடினோமா’ என்பது காலப்போக்கில் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. ‘செசைல் செரேட்டட்’ என்பதும் அப்படி மாறக்கூடிய இன்னொரு வகை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் தட்டையாகப் படர்ந்திருப்பதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். மிகச் சிறியதாக எடுத்தனுப்பிய சதை ‘நார்மல் மியூகோசா’ என்று, அதாவது சாதாரணக் குடல் தோல் என்று, திரும்பி வருவதும் உண்டு.

சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகம் இருப்பதால்தானே அனுப்புவார்கள்?

அப்படி நினைத்து ஒரு வாரம் தூக்கமில்லாமல் தவிக்க வேண்டியதில்லை. எடுக்கப்படும் பாலிப் வழக்கமாகவே ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது, ஏனென்றால் அதன் வகையை உறுதியாகச் சொல்ல வேறு வழி இல்லை. பயாப்சி என்பது சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையின் பெயர். அது எதற்கும் தீர்ப்பு அல்ல. வயிற்றுப்போக்குக்காக கொலோனோஸ்கோபி செய்தவருக்குக் குடல் பார்க்க நன்றாக இருந்தாலும் சில இடங்களில் சதை எடுப்பார்கள், ஏனென்றால் சில அழற்சிகள் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரியும்.

தாளில் ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ‘பயாப்சி டேக்கன்’ என்றிருந்தால் ஒரு சிறு துண்டு மட்டும் எடுக்கப்பட்டது, வளர்ச்சி இன்னும் அங்கேயே இருக்கக்கூடும். ‘பாலிபெக்டமி டன்’ என்றிருந்தால் பாலிப் எடுக்கப்பட்டுவிட்டது. முதல் வகையாக இருந்தால், மீதியை எப்போது எடுப்பது என்ற கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள்.

முதல் தாளில் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். காசிமேட்டில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதும் 52 வயதுக்காரர் ஒருவர். மலத்தில் இரத்தம் பட்டதால் பரிசோதனைக்கு வந்தார். அவருடைய தாளில் இருந்தவை இவை. குடல் சுத்தம்: பாஸ்டன் அளவுகோலில் 2, 2, 2, மொத்தம் 6. கேமரா சீக்கம் வரை சென்றது. குடல்வால் துவாரம் தெரிந்தது. சிக்மாய்டு பகுதியில் காம்புடன் 12 மி.மீ. பாலிப் ஒன்று, ஹாட் ஸ்னேர் மூலம் எடுக்கப்பட்டது. ஏறு குடலில் காம்பில்லாத 4 மி.மீ. பாலிப் ஒன்று, கோல்டு ஸ்னேர் மூலம் எடுக்கப்பட்டது. இரண்டும் ‘ரிட்ரீவ்டு’, அதாவது வெளியே எடுத்துத் தனித்தனிப் பாட்டிலில் ஏ, பி என்று அனுப்பப்பட்டன.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, பாலிப்பை அல்ல, பரிசோதனை முழுமையாக நடந்ததா என்பதைத்தான். பாஸ்டன் அளவுகோல் பெருங்குடலை வலம், நடு, இடம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. மூன்றிலும் தலா 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் குடல் போதுமான அளவு சுத்தம் என்று கொள்ளலாம். இவருக்கு அது சரியாகக் கோட்டைத் தொட்டிருக்கிறது. சீக்கம் என்பது பெருங்குடல் தொடங்கும் முனை; ஆசனவாய் வழியாகச் செல்லும் கேமராவுக்கு அதுவே கடைசி முனை. அங்கே குடல்வால் துவாரத்தைப் பார்த்தேன் என்று மருத்துவர் எழுதியிருப்பதுதான் கேமரா முழு நீளமும் போனதற்குச் சான்று.

ஸ்னேர் என்பது பாலிப்பின் அடியில் மாட்டி இறுக்கி அறுக்கும் மெல்லிய கம்பி வளையம். ‘ஹாட்’ என்றால் மின்சாரம் பாய்ச்சி அறுத்தது, ‘கோல்டு’ என்றால் மின்சாரம் இல்லாமல் அறுத்தது. சிறியவற்றுக்குப் பின்னதே இப்போது வழக்கம்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘டியூபுலோவில்லஸ் அடினோமா வித் லோ கிரேட் டிஸ்பிளேசியா’ என்று இருக்கிறது. படித்ததும் கை நடுங்கிவிட்டது.

காசிமேட்டுக்காரரின் ‘ஏ’ பாட்டில் ரிப்போர்ட்டும் இதே வரிதான். ‘பி’ பாட்டிலில் ‘டியூபுலர் அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா’ என்று வந்தது. இரண்டிலும் புற்றுநோய் இல்லை.

அடினோமா என்பது குடலின் உள்தோலில் உள்ள சுரப்பிச் செல்கள் ஒழுங்கு தவறி வளர்ந்திருக்கும் நிலை. டிஸ்பிளேசியா என்பது அந்த ஒழுங்குக் குலைவுக்கே பெயர். எல்லா அடினோமாவிலும் குறைந்தபட்சம் ‘லோ கிரேட்’ டிஸ்பிளேசியா இருந்தே தீரும்; இல்லாவிட்டால் அதை அடினோமா என்று அழைக்கவே மாட்டார்கள். ஆகவே அந்த வரியைக் கூடுதலாக ஒரு கெட்ட செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஹை கிரேட்’ என்று வந்தால் குலைவு அதிகம். எனினும் செல்கள் குடலின் உள்தோலைத் தாண்டி ஆழமாக ஊடுருவாதவரை அதுவும் பரவும் புற்றுநோய் அல்ல.

டியூபுலர், டியூபுலோவில்லஸ், வில்லஸ் என்பவை நுண்ணோக்கியில் தெரியும் அமைப்பைக் குறிப்பவை. குழாய் போன்ற சுரப்பிகள் நிறைந்தது டியூபுலர். இதுதான் மிகப் பரவலாகக் காணப்படுவது. விரல் போல நீண்ட மடிப்புகள் நிறைந்தது வில்லஸ், இரண்டும் கலந்தது டியூபுலோவில்லஸ். வில்லஸ் அமைப்பு கூடக்கூட, பிற்காலத்தில் மீண்டும் பெரிய அடினோமா உருவாகும் வாய்ப்பும் கூடுவதாகக் கருதப்படுகிறது.

பெரும்பாலான அடினோமாக்கள் ஒருபோதும் புற்றுநோயாவதில்லை. ஆகிறவையும் பொதுவாக 10 ஆண்டுகள் அளவில் மெதுவாகவே மாறுகின்றன. அடுத்த பரிசோதனையை மாதக் கணக்கில் வைக்காமல் ஆண்டுக் கணக்கில் வைப்பதற்கு இந்த மெதுவான போக்கே காரணம்.

‘அடினோகார்சினோமா’ என்றும் ஒரு சொல் இருக்கிறதே. இரண்டும் ஒன்றா?

இல்லை. அடினோகார்சினோமா என்பது புற்றுநோய். கைபேசியில் தேடும்போது பலர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயந்துவிடுகிறார்கள், அல்லது உண்மையில் கவலைப்பட வேண்டிய ரிப்போர்ட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அடினோகார்சினோமா என்று எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தில் பேசப்படும் ஆண்டு இடைவெளிகள் எதுவும் பொருந்தாது. அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.

கொலோனோஸ்கோபி தாளில் 12 மி.மீ. என்று இருக்கிறது, பயாப்சியில் 9 மி.மீ. என்கிறார்கள். இன்னொருவருக்கு ஒரே பாலிப்தான், ஆனால் ‘நான்கு துண்டுகள்’ என்று வந்திருக்கிறது. ஆள் மாறிவிட்டதா?

பெரும்பாலும் ஆள் மாறியிருக்காது. குடலுக்குள் இரத்த ஓட்டத்தோடு இருக்கும் சதை, அறுத்து பார்மலின் திரவத்தில் போட்டதும் சற்றுச் சுருங்கும். எடுக்கும்போதும் உறிஞ்சும் குழாய் வழியாக வெளியே இழுக்கும்போதும் உடைந்து பல துண்டுகளாவதும் சாதாரணம். துண்டுகளின் எண்ணிக்கை பாலிப்புகளின் எண்ணிக்கை ஆகாது. மருத்துவர் குடலுக்குள் பார்த்துச் சொல்லும் அளவும் கண் மதிப்பே. ஆனாலும் விரித்த ஸ்னேர் வளையத்தின் அகலத்தோடு ஒப்பிட்டு அவரால் ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். துண்டுகளாக உடைந்து வந்த பாலிப்புக்கு அந்த அளவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இது வீண் கணக்கு அல்ல. 10 மி.மீ. என்பது இடைவெளியை மாற்றிவிடும் கோடு. ஒரு பாலிப் 9-க்கும் 11-க்கும் இடையில் ஊசலாடினால், அது எந்தப் பக்கம் என்று உங்கள் மருத்துவர் முடிவு செய்து தாளில் எழுதித் தர வேண்டும்.

பெயர், வயது, பயாப்சி எண் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. அவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் ஆய்வகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் அந்தக் காசிமேட்டுக்காரர் எப்போது மறுபடி வர வேண்டும்?

மூன்று ஆண்டுகள் கழித்து. அது எப்படி வந்தது என்றால், அவருக்கு இருந்தவை இரண்டே அடினோமாக்கள், எண்ணிக்கை குறைவு. 4 மி.மீ. பாலிப் மட்டும் இருந்திருந்தால் அவர் நீண்ட இடைவெளிக்குரியவர். ஆனால் இன்னொன்று 12 மி.மீ., அதிலும் வில்லஸ் அமைப்பு கலந்தது. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் அமைப்பு, ஹை கிரேட் டிஸ்பிளேசியா ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அது ‘அட்வான்ஸ்டு அடினோமா’ எனப்படும். ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல் முற்றிய புற்றுநோய் என்ற பொருளில் இங்கே வரவில்லை. 2020-இல் அமெரிக்கக் குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு 3 ஆண்டுகள். அதே ஆண்டில் ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் வெளியிட்டதிலும் 10 மி.மீ. அடினோமாவுக்கு 3 ஆண்டுகள்தான்.

என் தங்கைக்கும் அடினோமாதான், ஆனால் 7 வருடம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். இன்னொரு மருத்துவர் 10 வருடம் என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் தங்கைக்கு 10 மி.மீ.க்குக் குறைவான டியூபுலர் அடினோமா ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்திருக்கும். அதற்கு அமெரிக்க வழிகாட்டுதல் 7 முதல் 10 ஆண்டுகள் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலோ, லோ கிரேட் டிஸ்பிளேசியாவுடன் 10 மி.மீ.க்குக் குறைவாக நான்கு வரை இருந்தாலும் சிறப்புக் கண்காணிப்பே வேண்டாம், பொதுமக்களுக்கான வழக்கமான பரிசோதனைத் திட்டத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பலாம் என்கிறது. அப்படித் திட்டம் இல்லாத இடத்தில் 10 ஆண்டுகள் கழித்து மறுபடி செய்யச் சொல்கிறது. நம்மிடம் பெருங்குடலுக்கு அப்படி ஊரெங்கும் அழைத்துப் பார்க்கும் திட்டம் இல்லை. ஆகவே இரண்டு மருத்துவர்களும் பிழையாகச் சொல்லவில்லை, வெவ்வேறு வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறார்கள்.

எண்ணிக்கை கூடும்போதும் இடைவெளி சுருங்குகிறது. அமெரிக்க முறையில் மூன்று நான்கு சிறிய அடினோமாக்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகள், ஐந்து முதல் பத்து வரை என்றால் 3 ஆண்டுகள், பத்துக்கு மேல் என்றால் 1 ஆண்டு. ஹைப்பர்பிளாஸ்டிக் வகை சிறியவை மலக்குடலிலும் சிக்மாய்டிலும் மட்டும் இருந்தால், அடினோமா எதுவும் இல்லாதவரைப் போலவே 10 ஆண்டுகள்.

பயமாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் செய்துகொண்டால் இன்னும் நல்லதுதானே?

இதே கேள்வியை, 1993-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ‘நேஷனல் பாலிப் ஸ்டடி’ நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. அடினோமா எடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு 1 ஆண்டிலும் 3 ஆண்டிலும், மற்றொரு பகுதியினருக்கு 3 ஆண்டில் மட்டும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். முக்கியமான அடினோமாக்களைக் கண்டுபிடிப்பதில் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு முறையும் பேதி மருந்து, மயக்க மருந்து, ஒரு நாள் கூலி இழப்பு, அரிதாகவே என்றாலும் குடலில் துளை விழுவது, இரத்தக் கசிவு போன்ற ஆபத்துகள் இருக்கின்றன. பலன் இல்லாத இடத்தில் அந்த ஆபத்தை ஏற்பது சரியல்ல.

ஆனால் எதிர்த்திசைத் தவறே எனக்குக் கூடுதலாகக் கவலை தருவது: 3 ஆண்டு என்று சொன்னதை 8 ஆண்டாக்கிவிடுவது. இடைவெளி இருப்பதற்குக் காரணம் புதிய பாலிப் வளர்வது மட்டுமல்ல, பார்க்காமல் விட்டுப்போனதும்தான். ஒரே நாளில் அடுத்தடுத்து இருமுறை கொலோனோஸ்கோபி செய்து பார்த்த ஆய்வுகளில், 5 மி.மீ. வரையிலான சிறிய அடினோமாக்களில் நான்கில் ஒன்று அளவுக்கு முதல் முறையில் தவறிப்போயிருந்தன, 10 மி.மீ.க்கு மேற்பட்டவை தவறியது மிகச் சிலவே. மூன்றாம் ஆண்டுப் பரிசோதனை அந்தத் தவறியவற்றையும் பிடிக்கிறது.

பாலிப் எதுவும் இல்லை என்றார்கள், ஆனாலும் ஒரு வருடத்துக்குள் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். எதையோ மறைக்கிறார்களா?

தாளில் ‘புவர் ப்ரெப்’ அல்லது ‘இனாடிக்வேட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். குடல் சுத்தமில்லை என்று பொருள். மலம் ஒட்டியிருக்கும் சுவரில் தட்டையான பாலிப் தெரியாது; எனவே ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்கே மதிப்பில்லை. அந்த நிலையில் பொதுவாக ஓராண்டுக்குள் மீண்டும் செய்யச் சொல்வார்கள்.

மறுமுறை சரியாக அமைய வேண்டுமானால் பேதி மருந்தை முதல் நாள் இரவு பாதியும், பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் மீதிப் பாதியுமாகக் குடிப்பது நல்லது. காலை பரிசோதனை என்றால் விடியற்காலை எழுந்து குடிக்க வேண்டியிருக்கும். பலர் விட்டுவிடும் பகுதி இதுதான். கீரை, கொய்யா, விதையுள்ள காய்களை முன்னதாகவே நிறுத்துங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மலத்தைக் கருப்பாக்கும் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மருந்து, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இரண்டையும் மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

அம்மாவுக்கு ஆறே மாதத்தில் வரச் சொன்னார்கள். அதற்கு என்ன காரணம்?

20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப்பை ஒரே வீச்சில் எடுக்க முடியாமல் துண்டு துண்டாக எடுத்திருப்பார்கள்; தாளில் ‘பீஸ்மீல்’ என்று இருக்கும். அடித்தளத்தில் கொஞ்சம் மிச்சமிருந்து மறுபடி வளரலாம் என்பதால் 6 மாதத்தில் அந்த ஓர் இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள். இந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

அண்ணனுக்கு அடினோமா என்றால் தம்பியும் செய்துகொள்ள வேண்டுமா?

சிறிய டியூபுலர் அடினோமா என்றால் அதற்காகத் தனியாக ஒன்றும் தேவையில்லை. ஆனால் காசிமேட்டுக்காரருடையது அட்வான்ஸ்டு அடினோமா, அதுவும் 60 வயதுக்கு முன் கண்டது. அமெரிக்க வழிகாட்டுதல்படி அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது அவர் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும். 52-இல் பத்தைக் கழித்தால் 42. அதற்கு முந்தியது 40. அவருடைய தம்பிக்கு இப்போது 47 வயது என்றால் அவர் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே செய்துகொண்டு, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை தொடரலாம். போகும்போது அண்ணனின் பயாப்சி ரிப்போர்ட் நகலையும் கொண்டுபோக வேண்டும். ‘ஏதோ பாலிப் இருந்ததாம்’ என்று சொன்னால் எந்த மருத்துவராலும் கணக்குப் போட முடியாது.

மூன்று வருடம் கழித்துச் செய்து நார்மல் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடலாமா?

விட முடியாது, ஆனால் தள்ளிப்போடலாம். முதலில் அட்வான்ஸ்டு அடினோமா இருந்தவருக்கு இரண்டாவது பரிசோதனை நார்மலாக இருந்தாலோ, சிறிய டியூபுலர் அடினோமா ஒன்றிரண்டு மட்டும் இருந்தாலோ, அடுத்தது 5 ஆண்டுகள் கழித்து. மீண்டும் 10 மி.மீ. அளவில் கண்டால் மறுபடி 3 ஆண்டுகள். வயது கூடி, வேறு நோய்கள் சேர்ந்து, பலனைவிட ஆபத்து மிஞ்சும் கட்டத்தில் மருத்துவரோடு பேசி நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த இடைவெளிகள் எல்லாமே தொந்தரவு இல்லாமல் இருப்பவருக்கானவை. நடுவில் மலத்தில் மீண்டும் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரத்தசோகை தென்பட்டாலோ, பல வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தாலோ, தாளில் எழுதிய தேதிக்காகக் காத்திருக்காமல் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உடனே போய்ப் பாருங்கள்.